ஒரு நெட் கனெக்‌ஷனும் ஐந்து விசைகளும்

ஒரு தொழிலில் விளையும் லாபத்தை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்கும் முறைதான் ஐந்து விசைகள் பகுப்பாய்வு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய கட்டுரையில் இதை முன்வைத்தார். களத்தில் இருக்கும் போட்டியாளர்கள், புதிதாக நுழையக்கூடியவர்கள், சரக்கு தருபவர்கள், வாங்குபவர்கள், இந்தப் பொருளுக்குப் பதிலாக வேறொன்றால் காரியத்தை முடித்துக்கொள்ள இருக்கும் வழி ஆகியவையே அந்த ஐந்து. வழக்கமாக ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சிறிய ஊர் ஒன்றில் வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கு அப்படி எழுதினால் ஐந்து கட்டத்திலும் ‘அதிகம்’ என்றே வரும். அதை வைத்துக்கொண்டு அந்த உரிமையாளர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒவ்வொரு விசையும் ஒரு இணைப்பிலிருந்து மாதம் எத்தனை ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறது என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. இன்னொன்றும் அப்போது தெரியவருகிறது. இந்தச் சின்னத் தொழிலில் ஐந்து கட்டங்களிலும் ஐந்து வெவ்வேறு ஆட்கள் நிற்பதில்லை. ஒரே ஆள் இரண்டு மூன்று கட்டங்களில் நிற்கிறார். ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் சந்தையின் எல்லையைச் சரியாகப் போட வேண்டும். ‘இந்திய பிராட்பேண்ட் சந்தை’ என்று தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடும். வீட்டுக்காரருக்குத் தன் தெருக் கம்பத்தில் எத்தனை பேருடைய ஃபைபர் கேபிள் தொங்குகிறதோ அத்தனை பேர்தான் போட்டியாளர்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி நான்கு பேர் இருக்கலாம், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒருவர் மட்டுமே இருக்கலாம். அதனால் ஒரே ஊருக்குள் இரண்டு மூன்று சந்தைகள் உண்டு, அவற்றைத் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் தாலுகா ஊர் ஒன்றில் 1,200 இணைப்புகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. வேறு ஊரில் வேறாக இருக்கும். மாதக் கட்டணம் 500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து வாடிக்கையாளர் 590 கட்டுகிறார். வரி அரசுக்குப் போவதால் 500ஐ மட்டும் பார்த்தால் போதும். பாதி இணைப்புகளை நிறுவனமே நேரடியாகக் கொடுக்கிறது. மீதிப் பாதி, அந்தந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக கேபிள் டிவி நடத்திவரும் கேபிள்காரர்கள் வழியாகப் போகிறது.

நேரடி இணைப்பில் பேண்ட்வித் வாங்க 100 ரூபாய் போகிறது. ஒருங்கிணைந்த உரிம முறையில் வருவாயில் 8 சதவீதம் உரிமக் கட்டணம், அது சுமார் 40 ரூபாய். ஆட்கள் சம்பளம், மின்சாரம், கம்ப வாடகை, அலுவலகம் எல்லாம் சேர்ந்து 150. கையில் நிற்பது 210. கேபிள்காரர் வழியாகப் போன இணைப்பில் அவர் பங்கு 40 சதவீதம், அதாவது 200 ரூபாய். பேண்ட்வித்தும் உரிமக் கட்டணமும் அதே அளவு. பழுது பார்க்கும் வேலையில் பெரும்பகுதியைக் கேபிள்காரரே செய்வதால் மற்றச் செலவு 90 ஆகக் குறைகிறது. நிற்பது 70 ரூபாய். இணைப்பு எண்ணிக்கையில் பாதியாக இருக்கும் இந்தப் பக்கம், மீதியாகும் பணத்தில் கால் பங்குதான் தருகிறது.

சரக்கு தருபவர்கள் என்றதும் பேண்ட்வித் விற்கும் பெரிய நிறுவனம்தான் நினைவுக்கு வரும். அதன் பிடி எவ்வளவு என்பது, ஊருக்குள் வரும் நெடுந்தூர ஃபைபர் பாதைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது. சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன, இணையப் பரிமாற்ற மையங்களும் இருக்கின்றன. அங்கே பேண்ட்வித் விற்கப் பலர் போட்டி போடுவார்கள். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாலுகா ஊருக்கு வருபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். சில இடங்களில் அவர்களுள் ஒருவர் அதே ஊரில் வீடுகளுக்கும் நேரடியாக இணைப்பு விற்கிறார். அவருக்கு மொத்த விலை எவ்வளவு என்பதும் தெரியும், சில்லறை விலை எவ்வளவு என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சிறிய நிறுவனம் பிழைக்கிறது, அந்த இடைவெளியை இரு பக்கமிருந்தும் சுருக்க அவரால் முடியும்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு இணைப்பு சராசரியாக 2 எம்பிபிஎஸ் இழுக்கிறது என்று கொண்டால் 1,200 இணைப்புக்கு 2.4 ஜிபிபிஎஸ் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் 50 அல்லது 100 எம்பிபிஎஸ் என்று விற்றாலும் எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி வீடியோ. யூடியூப், இன்ஸ்டாகிராம், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அடிக்கடி பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதியை இணைய நிறுவனங்களின் கூடத்திலேயே ஒரு சர்வரில் வைக்கின்றன. குறிப்பிட்ட அளவு போக்குவரத்து இருந்தால்தான் அந்த சர்வர் கிடைக்கும், 1,200 இணைப்பு அதற்குப் போதாது. ஆகவே சர்வர் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடமிருந்து அந்தப் போக்குவரத்தைத் தனி விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. வெளிநாடுவரை போய் வரும் போக்குவரத்தைவிட இது மலிவு. பேரம் பேசும்போது இரண்டையும் ஒரே விலையில் கட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஏமாறுபவர்கள் நிறைய. எந்தப் போக்குவரத்து எவ்வளவு என்பதை ரூட்டரில் ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டுப் பேசினால் விலை குறையும்.

இந்தப் பிடியைத் தளர்த்தும் இன்னொரு வேலை சொந்த ஏ.எஸ். எண்ணும் சொந்த ஐபி முகவரிகளும் வாங்குவது. இந்தியாவில் இவற்றை ஐஆர்ஐஎன்என் என்ற பதிவகம் வழங்குகிறது. விற்பவர் கொடுத்த முகவரிகளையே பயன்படுத்தும்வரை, அவரை மாற்றுவதென்றால் முகவரிகளையும் மாற்ற வேண்டும். சிசிடிவி, அலுவலக சர்வர் என்று நிலையான முகவரி வாங்கிய வாடிக்கையாளர்கள் எல்லாரும் பாதிக்கப்படுவார்கள். சொந்த எண் இருந்தால் இரண்டு விற்பனையாளர்களிடம் ஒரே நேரத்தில் இணைந்துகொண்டு, ஒருவர் விலை ஏற்றினால் போக்குவரத்தை மற்றவர் பக்கம் நகர்த்தலாம். ஆனால் இரண்டு பாதையும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் வருகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி வந்தால் சாலை விரிவாக்கத்துக்கு வரும் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும்.

பாடப்புத்தகங்கள் கவனிக்காத சரக்குதாரர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் கேபிள்காரர். தெருவில் கேபிள் இழுக்கும் வழி, வீட்டுக்குள் நுழையும் உரிமை, வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் நிறுவனத்துக்குத் தருபவர் அவர். வீட்டில் யாருக்குத் திருமணம், யார் வெளியூர் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. அவர் பலம் எவ்வளவு என்று பார்க்க ஃபைபர் எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்த்தால் போதும். நிறுவனத்தின் கூடத்தில் ஓஎல்டி என்ற கருவி இருக்கும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் இழை புறப்பட்டு, தெருவில் ஸ்பிளிட்டரில் 32 அல்லது 64 ஆகப் பிரிந்து வீடுகளுக்குள் போகிறது. அந்த ஒற்றை இழையை வெட்டி வேறொரு நிறுவனத்தின் ஓஎல்டியிலிருந்து வரும் இழையோடு ஸ்பிளைசிங் செய்தால் அத்தனை வீடுகளும் அங்கே போய்விடும். வீட்டிலுள்ள பெட்டிகளின் அமைப்பை மட்டும் மாற்ற வேண்டும். 200 இணைப்பு வைத்திருக்கும் கேபிள்காரருக்கு இது ஒரு இரவு வேலை. காலையில் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது, அவர் பணம் கொடுப்பது எப்போதும்போல அதே ஆளிடம்தான்.

இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அவர் 40 சதவீதத்துக்குப் பதில் 50 கேட்டால், 70 ரூபாய் 20 ஆகிவிடும். பேண்ட்வித் விலை 30 சதவீதம் ஏறினால்கூட இழப்பு 30 ரூபாய்தான், இங்கே 50. உரிமையாளர்கள் பெரும்பாலும் பேண்ட்வித் பேரத்தில்தான் மாதக்கணக்கில் நேரம் செலவிடுகிறார்கள், கேபிள்காரரோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம்கூட இருப்பதில்லை. ஸ்பிளிட்டர்வரை உள்ள இழை யாருடையது, வீட்டுப் பெட்டி யாருடையது, ரசீது யார் பெயரில் போகிறது, பணம் ஆப் வழியாக நேராக வருகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை ‘கேபிள்காரர்’ என்றால், அந்த இணைப்புகளை நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கிடக் கூடாது. வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு உரிமம் வைத்திருப்பவருக்கே உண்டு. அந்தப் பொறுப்பைச் சரியாக நிறைவேற்றினாலே நிறுவனத்துக்கு வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டுவிடும்.

வாங்குபவர் பக்கம் ஒரே எண்ணில் அடங்குகிறது. மாதம் நூற்றுக்கு எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள் என்பதே அது. ஒரு புது இணைப்பு கொடுக்க வீட்டுப் பெட்டி, தெருவிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிள், கூலி எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய் ஆகிறது, போட்டி காரணமாக அதை வாடிக்கையாளரிடம் வாங்க முடியவில்லை என்று கொள்வோம். மாதம் 3 சதவீதம் பேர் போனால் ஒரு இணைப்பின் சராசரி ஆயுள் சுமார் 33 மாதம். 210 வீதம் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் வரும், போட்ட பணம் போக 4,000 நிற்கும். 6 சதவீதம் போனால் ஆயுள் சுமார் 17 மாதமாகச் சுருங்கி, நிற்பது 500 ரூபாய்தான். 7 சதவீதத்தில் எதுவும் மிஞ்சாது. அந்த நிலையில் புது இணைப்பு எத்தனை கொடுத்தாலும் உழைப்பு வீண்.

இந்த எண்ணைச் சரியாக எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பில்லிங் மென்பொருளில் ரீசார்ஜ் செய்யவில்லை என்பது மட்டுமே தெரியும். மே மாதம் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போனவர்களும் அதே பட்டியலில் வருவார்கள், ஜூனில் திரும்பி வந்து கட்டுவார்கள். அதனால் 60 நாள் கழித்தும் திரும்பாதவர்களை மட்டும் எண்ணி, ஒவ்வொருவரையும் அழைத்து எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் எழுதினால் அந்த நோட்டு எந்த விசை எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்லிவிடும். மற்ற விசைகளின் அளவும் அதிலிருந்தேதான் கிடைக்கும்.

பெரும்பாலும் அந்த நோட்டில் விலையைவிடப் பழுது அதிகம் இருக்கும். பழுது இரண்டு வகை. முதலாவது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும் மந்தம். பேண்ட்வித் வரைபடத்தில் இரவு எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை கோடு மேலே போய் மேசைபோலத் தட்டையாக நின்றால், வாங்கிய அளவு நிரம்பிவிட்டது என்று பொருள். போதுமான அளவு இருந்தால் கோடு குன்றுபோல ஏறி இறங்கும். இரண்டாவது தனி வீட்டின் பழுது. லாரி இழுத்த கேபிள், அணில் கடித்த கேபிள், சன்னலில் மடங்கிய கேபிள் என்று காரணங்கள் பல. வீட்டுப் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரியும்போதுதான் வாடிக்கையாளர் அழைப்பார். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும் ஒளியின் அளவு ஓஎல்டியிலேயே தெரியும். மைனஸ் 27 டிபிஎம் அருகில் போன வீடுகளைத் தினமும் காலையில் பட்டியல் எடுத்து, அழைப்பு வரும் முன்னே ஆள் அனுப்பலாம். ஊருக்குள்ளேயே இருக்கும் நிறுவனம் இதை அன்றைக்கே செய்ய முடியும். பெரிய நிறுவனத்தின் புகார் எண்ணில் அந்த வசதி எளிதில் கிடைக்காது.

போட்டி விசையில் நிகழும் பெரிய தவறு, பெரிய நிறுவனம் 399 ரூபாய்த் திட்டத்தோடு வந்த மறுநாளே எல்லாருக்கும் விலை குறைப்பது. இந்தத் தொழிலில் கேபிளும் கருவியும் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, இன்னொரு இணைப்புக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். அதனால் எல்லாருக்கும் விலையைக் குறைக்கத் தோன்றும். கம்பத்தில் தொங்கும் கேபிளை வேறெங்கும் விற்க முடியாது என்பதால் நட்டத்திலும் யாரும் வெளியேறுவதில்லை. விலைச் சண்டை இழுத்துக்கொண்டே போகும்.

500ஐ 400 ஆக்கினால் உரிமக் கட்டணம் 8 ரூபாய் குறைவது போக, நேரடி இணைப்பில் நிற்பது 210லிருந்து 118 ஆகும். கேபிள்காரர் வழி இணைப்பில் 70 ரூபாய் 18 ஆகும். குறைத்ததால் விட்டுப்போவோர் 3 சதவீதமாகவே நின்றார்கள் என்றால் நேரடி இணைப்பு ஒன்றிலிருந்து ஆயுள் முழுவதும் வருவது சுமார் 3,900. விலையைக் குறைக்காமல் அதே 3,900 வர வேண்டுமானால் விட்டுப்போவோர் மாதம் 5.3 சதவீதம்வரை ஏறலாம். ஆகவே போட்டியாளர் வந்த பிறகு அந்த எண் நான்கு, நாலரை என்று நின்றால் விலையைத் தொடாமல் இருப்பதே லாபம். போட்டியாளரின் கேபிள் வந்த தெருக்களில் மட்டும், ஆறு மாதம் முன்கூட்டிக் கட்டுபவர்களுக்கு மட்டும் சலுகை தருவது அதைவிடச் சிறந்தது. சந்தையின் எல்லையைத் தெருவாக வைத்துக்கொண்டது இங்கே உதவுகிறது.

மாற்று வழி என்ற விசையில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று செல்போன் டேட்டா. தனியாகத் தங்கியிருப்பவர், வாட்ஸ்அப்பும் கொஞ்சம் வீடியோவும் பார்க்கும் முதிய தம்பதி போன்றவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களை எந்த விலை கொடுத்தும் பிடித்து வைக்க முடியாது. இணைப்புகளை மாதப் பயன்பாட்டின்படி அடுக்கிப் பார்த்தால் அடிமட்டத்தில் அவர்கள் தெரிவார்கள், அவர்கள் பாதுகாப்பான வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிவியில் படம் பார்க்கும் குடும்பம், வீட்டிலிருந்து வேலை செய்பவர் இருக்கும் குடும்பம் ஆகியவை செல்போன் டேட்டாவுக்குத் திரும்புவது அரிது.

மற்றொன்று கேபிளே இல்லாமல் 5ஜி கோபுரத்திலிருந்து மொட்டைமாடிப் பெட்டிக்கு வரும் இணைப்பு. ஜியோ இதை 2023 செப்டம்பரில் எட்டு நகரங்களில் தொடங்கியபோது சென்னையும் அதில் இருந்தது. கம்பத்துக்கு அனுமதி கேட்க வேண்டாம், தெருவில் கேபிள் இழுக்க வேண்டாம், ஒரே நாளில் இணைப்பு தரலாம். சிறிய நிறுவனத்துக்கு இத்தனை நாள் காவலாக இருந்த கம்பத்தையே இது தாண்டிவிடுகிறது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. கோபுரத்தின் ஒரு பக்கம் தரும் மொத்த வேகத்தை அங்குள்ள எல்லா வீடுகளும் எல்லா செல்போன்களும் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு வீட்டின் மாலை நேர வீடியோ செல்போனைவிடப் பல மடங்கு இழுக்கும். வீடுகள் நெருங்கிய தெருவில் ஃபைபர்தான் தாங்கும். வீடுகள் பரந்து கிடக்கும் ஊரோரத்தில், புதிதாக 300 மீட்டர் கேபிள் இழுத்து மூன்று வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் திட்டத்தைத்தான் இது முதலில் நட்டமாக்கும். அந்தப் பகுதிகளுக்கு விரிவதை நிறுத்தி, ஏற்கெனவே கேபிள் போன தெருவில் இன்னும் இணையாத வீடுகளைத் தேடுவதே கணக்குக்குச் சரி.

புதிதாக நுழைபவரை உரிமம் தடுக்காது. 2013இல் வந்த ஒருங்கிணைந்த உரிம முறையில் நாடு முழுவதற்கும் ஏ பிரிவு, தொலைத்தொடர்பு வட்டத்துக்கு பி, அதனினும் சிறிய பகுதிக்கு சி என்று மூன்று வகை. சி பிரிவின் நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய்தான். உண்மையான தடை தெருவின் கணக்கில் இருக்கிறது. 80 வீடுள்ள தெருவில் 40 வீடு இணையம் வாங்கும் என்றால், ஒருவர் மட்டும் இருக்கும்போது கேபிள் செலவு 40 இணைப்பில் பிரியும். இரண்டாவது ஆள் அதே கம்பத்தில் இன்னொரு கேபிள் இழுத்தால் ஆளுக்கு 20 கிடைக்கும், இருவரின் செலவும் இணைப்புக்கு இரட்டிப்பாகும். 80இல் 60 வீட்டை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் தெருவில் நுழைய யாரும் தயங்குவார்கள். ஊர் முழுக்க 15 சதவீதம் வைத்திருப்பதைவிட, ஊரின் கால் பகுதியில் 60 சதவீதம் வைத்திருப்பது அதே எண்ணிக்கைதான், ஆனால் காவல் பலமானது.

இந்தத் தடை கேபிள்காரருக்கு இல்லை. கம்பம், கேபிள், வாடிக்கையாளர் மூன்றும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் சி உரிமம் வாங்கி, ஓஎல்டி ஒன்று வாங்கி, அதே பேண்ட்வித் விற்பனையாளரிடம் பேசினால் போதும். பங்கை 40க்குக் கீழே அழுத்த நினைக்கும் நிறுவனம் தனக்கான போட்டியாளரைத் தானே உருவாக்குகிறது. பேண்ட்வித் விற்பவர் மேலிருந்தும் கேபிள்காரர் கீழிருந்தும் இதே இடத்துக்கு வர முடியும். ஆகவே இருவரிடமும் பேசும் விலையைச் சரக்கு விலையாக மட்டும் பார்க்காமல், அவர்கள் நுழையாமல் இருப்பதற்கான விலையாகவும் பார்க்க வேண்டும். அவர் தனியாக நடத்தினால் பேண்ட்வித், உரிமக் கட்டணம், இரவு நேரத்தில் கருவியைப் பார்க்கும் ஆள் என்று எல்லாம் போக 200 இணைப்பில் இணைப்புக்கு எவ்வளவு நிற்கும் என்று அவர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடலாம். அது 200 ரூபாய்க்குக் குறைவாக வரும்வரை அவர் கூட்டாளியாகவே இருப்பார்.

இந்த முறைக்குள் அடங்காத செலவும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கம்பத்தோடு கேபிளும் போனது. மறுபடி கேபிள் இழுக்கும் பணத்தை ஐந்து விசைகளில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அது அதே 210 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும். கடலோர மாவட்டத்தில் இந்தத் தொழில் நடத்துபவர் மாதந்தோறும் இணைப்புக்குப் பத்து இருபது ரூபாயை அதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதத்தை வைத்துத்தான் மேலே சொன்ன கணக்கைத் தொடங்க வேண்டும்.